பாறை விழ ஆசைப்படுமா?

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கித் தொகுத்தது)

இந்த எபிசோடை ஏற்காட்டுல இருந்து பேசுறேன். ஜன்னலுக்கு வெளிய சில்வர் ஓக் மரம், அதுல மிளகுக் கொடி, கீழ காபிச் செடி. நடுநடுவுல குருவிச் சத்தம் வந்தா மைக்கோட தப்பு இல்ல.

முதல்ல ஒரு தப்பை ஒத்துக்கணும். என் தோழி ஒருத்தி ஆயுர்வேதம் படிக்கிறா. கூடப் படிக்கிற தமிழ் வழிப் பசங்களுக்காக சமஸ்கிருத வரிகளுக்குத் தமிழ்ல நோட்ஸ் எழுதிட்டு இருக்கா. நான் வேலைக்கு அப்புறம் நாலு வருஷமா சமஸ்கிருதம் கத்துக்கிறவன்னு தெரிஞ்சதால, "கொஞ்சம் பாத்துக் குடுடா"ன்னு அனுப்பினா. சரக சம்ஹிதையில இந்திரிய ஸ்தானம்னு ஒரு பகுதி இருக்கு. சாவு நெருங்கிட்ட நோயாளிகிட்ட என்னென்ன அறிகுறி தெரியும்னு சொல்ற பகுதி அது. அதுல திரும்பத் திரும்ப ஒரு சொல் வரும்: முமூர்ஷு. நான் அதுக்கு நேரா "சாக விரும்புபவர்" என்று எழுதி அனுப்பிட்டேன்.

இலக்கணப்படி நான் எழுதினதுல பிழை இல்லை. அதுதான் வேடிக்கை. சமஸ்கிருதத்துல ஒரு வினையில இருந்து "செய்ய விரும்புதல்" என்கிற பொருள்ல தனி வினையே உண்டாக்கலாம். பாணினி அந்த விகுதியை ஸன் என்று சொல்வார். பா என்றால் குடி. வேரோட முதல் எழுத்தை இரட்டிச்சு, பின்னால ஸ சேர்த்தா பிபாஸதி, குடிக்க விரும்புகிறான். பிபாஸா என்றால் தாகம். க்ரு, செய், சிகீர்ஷதி, செய்ய விரும்புகிறான். ம்ரு, இற, முமூர்ஷதி. அப்போ முமூர்ஷு என்றால் சாக விரும்புபவர்தானே? ஃபார்முலாவுல போட்டேன், விடை வந்துச்சு, அனுப்பிட்டேன்.

அந்த நோட்ஸைப் படிக்கிற மாணவர் என்ன புரிஞ்சுப்பார்? காய்ச்சல்ல உயிர் ஊசலாடிட்டு இருக்கிற ஒருத்தரை, தற்கொலை எண்ணம் உள்ளவர்னு புரிஞ்சுப்பார். ரெண்டு பேருக்கும் மருத்துவர் செய்ய வேண்டியது வேற வேற.

தப்பு எனக்கு உறைச்சது மலை ஏறும்போது. சேலத்துல இருந்து ஏற்காடு வர்ற பாதையில இருபது கொண்டை ஊசி வளைவு. முந்தின நாள் நல்ல மழை. ஒரு வளைவுல டீக்கடைகிட்ட பைக்கை நிறுத்தினோம். கடைக்கார அக்கா எதிர்ல இருந்த சரிவைக் காட்டி, "அங்க நிறுத்தாத கண்ணு, அந்தப் பாறை விழப் பாக்குது"ன்னாங்க. பாத்தா, பாறைக்கு அடியில மண்ணு அரிச்சுப் போயிருக்கு, சின்னச் சின்னக் கல்லு உருண்டு ரோட்டு ஓரத்துல கிடக்கு.

விழப் பாக்குது. பாறைக்குக் கண்ணா இருக்கு?

இதே சிக்கலை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே பதஞ்சலி எடுத்துப் பேசியிருக்கார். பாணினிக்கு அவர் எழுதின மகாபாஷ்யத்துல, இந்த ஸன் விதிக்குக் கீழ, மூணு உதாரணம் வருது. கல் உருள "விரும்புது", லுலுடிஷதே. ஆற்றங்கரை விழ "விரும்புது", பிபதிஷதி. நாய் சாக "விரும்புது", முமூர்ஷதி. உயிரில்லாத கல்லுக்கும் கரைக்கும் ஆசை ஏது? அதனால இந்த மாதிரி இடங்களுக்குத் தனியா ஒரு விதி சேர்க்கணும், "நடந்துடும்னு தோணுது" என்ற பொருள்லயும் ஸன் வரும்னு சொல்லணும் என்பது அங்க வைக்கப்படுற யோசனை.

அதுக்கு வர்ற மறுப்புதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். பாய் பின்ன விரும்புற ஒருத்தன், "நான் பாய் பின்ன விரும்புறேன்"னு ஊருக்குக் கூவிட்டு இருக்க மாட்டான். அவன் கையில கயிறும் முளைக்குச்சியும் புல்லுக்கட்டும் இருக்கிறதைப் பாத்துத்தான் அவன் விருப்பம் நமக்குத் தெரியுது. அதே மாதிரி, விழப்போற கரையில மண்கட்டி உதிருது, வெடிப்பு விடுது. சாகப்போற நாய் தனியா ஒதுங்கிப் போகுது, கண்ணு வீங்கிப் போகுது. மனுஷனோ கரையோ, நாம பாக்கிறது அறிகுறியை மட்டும்தான். அப்புறம் எதுக்குத் தனி விதி? (எல்லாத்துக்கும் அறிவு உண்டுன்னும் ஒரு பதில் அங்க இருக்கு. அதை நான் தொடலை, அது தத்துவக்காரங்க ஏரியா.)

டீக்கடை அக்காவோட தமிழும் அதேதான் செய்யுது. பாறையோட மனசை அவங்க பார்க்கல, உதிர்ற கல்லைப் பாத்தாங்க. பால் பொங்கப் பாக்குது, மழை வரப் பாக்குது, நான் வழுக்கி விழப் பாத்தேன். இதுல எங்கயும் விருப்பம் கிடையாது. அதனால பிபதிஷதிக்கு "விழ விரும்புகிறது" என்று எழுதுறதை விட "விழப் பார்க்கிறது" நூறு மடங்கு சரியான தமிழ்.

உடனே குஷியாகி, போனை எடுத்து, முமூர்ஷுவை "சாகப் பார்க்கிறவர்" என்று திருத்தினேன். தோழி எட்டிப் பாத்துட்டு, "டேய், இது முன்னாடியை விட மோசம்டா"ன்னா.

அவ சொன்னது சரி. பார் என்ற துணைவினை உயிரில்லாத பொருளோட வந்தா "நடக்கப் போகுது"ன்னு பொருள். அதே துணைவினை மனுஷனோட, அவன் கைல இருக்கிற செயலோட வந்தா முயற்சின்னு ஆயிடும். ஏமாத்தப் பாக்குறான் என்றால் அவன் ஏமாத்த முயற்சி பண்றான். சாகப் பாக்குறான் என்றால் கேக்கவே வேண்டாம். "விழப் பாத்தேன்" தப்பிக்கிறது, வழுக்கி விழறது யாரும் திட்டமிட்டுச் செய்ற வேலை இல்லை என்பதால.

அப்போ முமூர்ஷுவுக்கு என்ன? நம்ம ஊர்ல எல்லாரும் சொல்றதுதான்: சாகக் கிடக்கிறவர். நோட்ஸ்ல கொஞ்சம் மரியாதையா "சாகும் தறுவாயில் உள்ளவர்" என்று போட்டோம். ஒரே ஸன் விகுதிக்குத் தமிழ்ல மூணு வழி: விரும்பு, பார், கிட. எது என்று வேர்ச்சொல்லை மட்டும் பாத்து முடிவு பண்ண முடியாது. யார் செய்றாங்க, அது அவங்க கைல இருக்கா என்று பாக்கணும்.

ஸன் வந்திருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இரட்டிப்பு மட்டும் இருந்தா போதாது. பபாத என்றாலும் இரட்டிப்புத்தான், ஆனா அது "விழுந்தான்" என்ற இறந்தகாலம். ஷ மட்டும் இருந்தாலும் போதாது. கரிஷ்யதி "செய்வான்", எதிர்காலம். முன்னால இரட்டிப்பு, பின்னால ய இல்லாத ஸவோ ஷவோ, ரெண்டும் சேர்ந்து இருந்தாத்தான் ஸன். அப்படியும் சில சொல்லுல ஆசைப் பொருள் இருக்காது. நம்ம சிகிச்சையே கித் என்ற வேரோட ஸன் வடிவம்தான், பாணினியே அதைத் தனியா ஒதுக்கி வெச்சிருக்கார்.

தோழியோட நோட்ஸ்ல இன்னொரு சொல்லும் பக்கத்துக்குப் பக்கம் வருது: பாயயேத். இதுக்கு அவ "குடிக்க வேண்டும்" என்று எழுதியிருந்தா. இப்போ நான் திருத்தற முறை. பா, குடி; அதுல இருந்து பாயயதி, குடிக்க வைக்கிறான். இதுதான் ணிச், பிறரைச் செய்விக்கிற வினை. பாயயேத் என்ற இடத்துல எழுவாய் நோயாளி இல்லை, வைத்தியர். கஷாயத்தைக் குடிக்கிறவர் ஒருத்தர், குடிக்கத் தர்ற பொறுப்பு இன்னொருத்தர். "குடிக்க வேண்டும்" என்று எழுதினா வைத்தியர் வாக்கியத்துல இருந்தே காணாமப் போயிடுறார்.

இங்கயும் தமிழ் கொஞ்சம் நுணுக்கமாக் கேக்குது. குடிக்க வை என்றால் ஒரு வற்புறுத்தல் வாசனை அடிக்குது. புகட்டு என்றால் குழந்தைக்கோ தானாக் குடிக்க முடியாதவருக்கோ சங்குலயோ ஸ்பூன்லயோ கொடுக்கிறது. குடிக்கக் கொடு நடுவுல நிக்குது. உண் என்பதற்கும் இப்படித்தான், ஊட்டு வேற, சாப்பிட வை வேற. ஊட்டுறப்போ என் கை அவங்க வாய் வரைக்கும் போகுது. நாங்க பொதுவா "குடிக்கக் கொடுக்க வேண்டும்" என்று போட்டு, கைக்குழந்தை வர்ற இடத்துல மட்டும் "புகட்ட வேண்டும்" என்று மாத்தினோம்.

பழைய தமிழ்ல இதுக்கு வி, பி என்ற விகுதி நல்லாவே ஓடிட்டு இருந்தது: செய்வி, நடப்பி, எடுப்பி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுல ராஜராஜன் கோயிலை எடுத்ததாச் சொல்லல, "எடுப்பிச்ச" என்றுதான் வெட்டியிருக்கு. மண்டகப்பட்டுல மகேந்திரவர்ம பல்லவனோட சமஸ்கிருதக் கல்வெட்டும் நிர்மாபிதம், அதாவது செய்விக்கப்பட்டதுன்னு சொல்லுது. இன்னிக்கு நாம "வீடு கட்டினேன்"னு கூசாம சொல்றோம், கொத்தனார் எங்கயோ போயிட்டார்.

கடைசியா, ரெண்டையும் அடுக்கினா என்ன ஆகும்? ஸன் விதியில ஒரு நிபந்தனை இருக்கு: விரும்புறவரும் செய்றவரும் ஒரே ஆளா இருக்கணும். "நீ குடிக்கணும்னு நான் விரும்புறேன்" என்றதை பிபாஸதி வெச்சுச் சொல்ல முடியாது. தமிழ்லயும் அப்படித்தான், "குடிக்க விரும்புறேன்" என்றால் குடிக்கிறதும் நான்தான். இன்னொருத்தரை உள்ள கொண்டுவரணும்னா முதல்ல ணிச் போடணும், அதுக்கு மேல ஸன். பாயய, அதுல இருந்து பிபாயயிஷதி: குடிக்க வைக்க விரும்புகிறான்.

திருப்பி அடுக்கினா? முதல்ல ஸன், மேல ணிச்: பிபாஸயதி. குடிக்க ஆசைப்பட வைக்கிறான், அதாவது தாகம் எடுக்க வைக்கிறான். ஃபங்க்ஷனுக்குள்ள ஃபங்க்ஷன் எழுதுறவங்களுக்கு இது பழக்கம்தான், உள்ள எது வெளிய எதுன்னு மாறினா விடை மாறும். முன்னால வர்ற இரட்டிப்பை விட்டுட்டுப் பாத்தா, வேருக்கு வலது பக்கம் ரெண்டு மொழிக்கும் ஒரே வரிசை: குடிக்க, வைக்க, விரும்பு; குடிக்க, ஆசைப்பட, வை.

அந்த அக்கா ரெண்டையும் செஞ்சாங்க. நாங்க உக்காந்ததும் கேக்காமலே உப்புப் போட்ட வேர்க்கடலையை ஒரு தட்டுல கொண்டாந்து வெச்சாங்க. அது பிபாஸயதி. அதுக்குப் பின்னாடி இருந்த மனசு பிபாயயிஷதி. அது எனக்கு எப்படித் தெரியும்னா, அடுப்புல பால் ஏற்கெனவே பொங்கப் பாத்துட்டு இருந்துச்சு. ரெண்டு டீ சொன்னோம்.

நோட்ஸ் திருத்தி அனுப்பியாச்சு. தோழி இப்போ "ஜிகாம்ஸு"ன்னு ஒண்ணு அனுப்பியிருக்கா. ஹன், கொல் என்ற வேர். இதுக்கு விரும்புவா, பார்ப்பா என்று நீங்க யோசிச்சு எழுதுங்க, அடுத்த வாரம் பேசலாம்.