எல்லா வாதங்களையும் சோதிக்கும் நெறிமுறை ஏன் இல்லை?



அளவையியல் வகுப்பில் உண்மை அட்டவணை போட்டுப் பழகிய நாம் ஒரு நிம்மதிக்கும் பழகிவிட்டோம். அட்டவணை எவ்வளவு நீண்டாலும் ஒருநேரம் முடியும். வாதம் வாய்ப்பானதா இல்லையா என்பது தெரிந்துவிடும். 'எல்லா', 'சில' என்பன புகுந்த பின்பும் அப்படியொரு நெறிமுறை உண்டா என்று 1928இல் ஹில்பேட்டும் அக்கர்மனும் கேட்டனர். இல்லை என்று 1936இல் சேர்ச்சும் டியூரிங்கும் தனித்தனியே காட்டினர்.

முதலில் கணினிப் பக்கம் போவோம். எந்தச் செய்நிரலையும் அதற்கான உள்ளீட்டையும் கொடுத்தால், 'நிற்கும்' அல்லது 'நிற்காது' என்று தவறாமல் சொல்லும் ஒரு செய்நிரல் இருப்பதாகக் கொள்வோம். அதைக்கொண்டு D என்ற செய்நிரலை எழுதுவோம். D ஒரு செய்நிரலை வாங்கி, 'இதற்கு இதன் எழுத்தையே உள்ளீடாகக் கொடுத்தால் நிற்குமா?' என்று கேட்கும். 'நிற்கும்' என்றால் D முடிவின்றி ஓடும். 'நிற்காது' என்றால் உடனே நிற்கும். இனி D இற்கு D ஐயே கொடுப்போம். எந்த விடை வந்தாலும் D அதற்கு மாறாகவே நடக்கும். ஆகவே அத்தகைய செய்நிரல் இருக்க முடியாது.

இது அளவையியலை எப்படித் தொடுகிறது? ஒரு செய்நிரலையே வாதமாக எழுதலாம் என்பதுதான் சங்கதி. x, y என்று இரண்டு எண்ணிகள் உள்ளன. வரி 1: x இற்கு ஒன்று கூட்டி வரி 2 இற்குப் போ. வரி 2: y பூச்சியமானால் நில், இல்லையேல் y இல் ஒன்று குறைத்து வரி 1 இற்குப் போ. தொடக்கத்தில் x பூச்சியம், y இரண்டு. s என்பது 'அடுத்த எண்'. H என்பது 'நின்றது'.

```
R1(0, ss0)
∀x∀y (R1(x,y) → R2(sx,y))
∀x∀y (R2(x,sy) → R1(x,y))
∀x (R2(x,0) → H)
ஆகவே, H
```

எடுகூற்றுகளை ஒவ்வொன்றாகப் பிரயோகித்தால் (1,2), (1,1), (2,1), (2,0), (3,0) என்று நகர்ந்து H கிடைக்கிறது. செய்நிரல் நின்றால் வாதம் வாய்ப்பானது. மறுபக்கம்தான் கவனிக்கவேண்டியது. மூன்றாம் கூற்றில் y ஐக் குறைக்காமல் R1(x,sy) என்று மாற்றினால் ஓட்டம் முடியாது. அப்போது இயற்கை எண்களை எடுத்து, இயந்திரம் உண்மையில் அடையும் நிலைகளில் மட்டும் R1, R2 உண்மை, H பொய் என்று கொள்வோம். எடுகூற்றுகள் யாவும் உண்மை, முடிவு பொய்; வாதம் வாய்ப்பற்றது.

இத்தகைய இரண்டு எண்ணிகளே எந்தக் கணினியையும் போலச் செய்யப் போதும் என்று மின்ஸ்கி 1961இல் நிறுவினார். ஆகவே எல்லா வாதங்களையும் தீர்மானிக்கும் நெறிமுறை இருந்தால், நிற்றல் பிரச்சினையும் தீர்ந்துவிடும். அது முடியாதென்று மேலே கண்டோம்.

வாய்ப்பான வாதத்துக்கு நிறுவல் எப்போதும் உண்டு, ஒழுங்காகத் தேடினால் அகப்படும். இது கோடெல் தந்தது. வாய்ப்பற்றதற்கே உண்மை விருட்சம் மூடாமல் வளர்ந்துகொண்டே போகலாம். நூறாம் கிளையில் நிற்கும் நமக்கு, இன்னும் பொறுப்பதா விடுவதா என்று சொல்ல எந்தப் பொதுவிதியும் இல்லை.

வகுப்பில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தலைகாட்டாததற்குக் காரணம் உண்டு. ஓரிடப் பயனிலைகள் மூன்று மட்டும் வரும் வாதத்துக்கு எட்டுப் பொருள்கள் வரையான உலகங்களைச் சோதித்தாலே போதும். 'x ஆனது y ஐ நேசிக்கிறது' போன்ற ஈரிடப் பயனிலை ஒன்றை அனுமதித்தால் போதும், அந்த வசதி போய்விடும்.