பிளாட்டினமா, ஒயிட் கோல்டா: மோதிரத்தோட நிறம் எங்கே இருக்கு?

இந்த எபிசோட் கல்யாண மோதிரம் பார்த்துட்டிருக்கிறவங்களுக்கு. நகைக்கடையில ஒரே டிரேல ரெண்டு வெள்ளை மோதிரம் வைப்பாங்க. ஒண்ணு பிளாட்டினம், இன்னொண்ணு ஒயிட் கோல்ட். கடையோட லைட்ல ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. வித்தியாசம் தெரியிறது போட்டு ஒரு வருஷம் கழிச்சு. அதனால கடையில பார்க்கிற பளபளப்பை ஓரமா வச்சிட்டு, அடுத்த பத்து வருஷத்துல இந்த ரெண்டும் என்ன ஆகும்னு பேசலாம்.

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். தங்கம் இயற்கையிலேயே மஞ்சள். அதுல பல்லேடியம், நிக்கல், வெள்ளி மாதிரி உலோகங்களைக் கலந்தா மஞ்சள் குறையும். ஆனா முழுசா போகாது. 18 கேரட் ஒயிட் கோல்ட்ல 1000 பங்குக்கு 750 பங்கு தங்கம்தான். அவ்வளவு தங்கம் இருக்கும்போது லேசான பழுப்போ மஞ்சளோ தங்கத்தான் செய்யும். அப்போ கடையில பார்க்கிற அந்தப் பளிச் வெள்ளை எங்கிருந்து வருது? அது ரோடியம் முலாம். ரோடியம் பிளாட்டினத்தோட குடும்பத்தைச் சேர்ந்த, ரொம்பக் கடினமான வெள்ளை உலோகம். ஆனா மோதிரத்து மேல அது இருக்கிறது பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன்ல. நம்ம தலைமுடியோட தடிமன் சுமாரா 70 மைக்ரான். கணக்குப் பண்ணிக்கோங்க.

பிளாட்டினம் அப்படி இல்ல. நகைக்குப் பயன்படுத்துற பிளாட்டினம் பொதுவா 1000-க்கு 950 பங்கு சுத்தம். மேலேயும் உள்ளேயும் ஒரே வெள்ளைதான். தேய்ஞ்சாலும் அடியில வேற நிறம் வராது.

இப்போ தேய்மானத்துக்கு வருவோம். "பிளாட்டினம் ரொம்ப ஸ்ட்ராங், கீறலே விழாது"னு கடையில சொன்னா நம்பாதீங்க. பிளாட்டினம் அடர்த்தியான உலோகம், ஆனா மென்மையானது. நிக்கல் கலந்த ஒயிட் கோல்ட் அதைவிடக் கடினம். அதனால முதல் சில மாசத்துல கீறல் அதிகமா தெரியப்போறது பிளாட்டினத்துலதான்.

ஆனா ரெண்டுலயும் கீறல் விழுற விதம் வேற. ஏர் உழும்போது மண்ணு எங்கேயும் போயிடாது, ரெண்டு பக்கமும் கரையா ஒதுங்கும். பிளாட்டினத்துல விழுற கீறலும் அப்படித்தான். உலோகம் பெரும்பாலும் இடம் மாறி மோதிரத்துலயே இருக்கும். கொஞ்ச வருஷத்துல சின்னச் சின்னக் கீறல் நிறைய சேர்ந்து, மேற்பரப்பு மொத்தமும் பட்டு மாதிரி ஒரு மங்கல் பூச்சுக்கு வந்துடும். அதை பேட்டினான்னு சொல்வாங்க. சிலருக்கு அது பிடிக்கும். பிடிக்காதவங்க பாலிஷ் போட்டுக்கலாம். ஒயிட் கோல்ட்ல கீறல் விழுந்தா பென்சில் சீவுற மாதிரி, துளித் துளியா உலோகம் வெளியே போகும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனா அது திரும்ப வராது.

ரோடியம் போக ஆரம்பிச்சதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? மோதிரத்தோட மேல்பக்கத்தைப் பார்க்காதீங்க. கழட்டி, உள்ளங்கைப் பக்கம் இருக்கிற அடிப்பகுதியை ஒரு வெள்ளைப் பேப்பர் மேல வச்சுப் பாருங்க. பைக் ஹேண்டில், பேக் பிடி, பாத்திரம் எல்லாம் உரசுறது அங்கேதான். அங்கே மேல்பக்கத்தைவிட லேசா மஞ்சள் அடிச்சா முலாம் போயிட்டிருக்குன்னு அர்த்தம். தினமும் போடுறவங்களுக்கு இது ஒரு வருஷத்துலயும் நடக்கலாம், ரெண்டு வருஷத்துலயும் நடக்கலாம். அப்போ கடையில கொடுத்தா பழைய கீறலை பாலிஷ் பண்ணி எடுத்து, சுத்தம் பண்ணி, மின்முலாம் தொட்டியில முக்கி எடுப்பாங்க. திரும்பவும் புதுசு மாதிரி ஆயிடும். ஆனா ஒவ்வொரு பாலிஷும் கொஞ்சம் உலோகத்தை எடுத்துட்டுப் போகும்ங்கிறதை மறக்காதீங்க.

சரி, விலை. "பிளாட்டினம்னா தங்கத்தைவிடக் காஸ்ட்லி" அப்படிங்கிற எண்ணம் நம்ம வீட்டுப் பெரியவங்ககிட்ட இன்னும் இருக்கு. ஒரு காலத்துல அது உண்மை. 2008 ஆரம்பத்துல பிளாட்டினம் தங்கத்தைப்போல ரெண்டு மடங்கு விலை. 2015 வாக்குல அது தலைகீழாச்சு. அதுக்கப்புறம் கிராமுக்குத் தங்கம்தான் அதிகம். அப்படின்னா பிளாட்டினம் மோதிரம் பாதி விலைக்குக் கிடைக்கணுமே, ஏன் கிடைக்கல?

ஒரு கணக்குப் போடலாம். இது இன்னைக்கு ரேட் இல்ல, கணக்குக்காக நான் எடுத்துக்கிற ரவுண்டு நம்பர். தங்கம் கிராம் 10,000 ரூபாய், பிளாட்டினம் கிராம் 5,000 ரூபாய்னு வச்சுப்போம். கல் இல்லாத ஒரு பிளெயின் மோதிரம், ஒயிட் கோல்ட்ல 5 கிராம். அதே அளவு, அதே தடிமன்ல பிளாட்டினத்துல செஞ்சா 5 கிராம் வராது, சுமார் 6.7 கிராம் வரும். காரணம் அடர்த்தி.

ஒயிட் கோல்ட்ல முக்கால் பங்கு தங்கம், அதாவது 3.75 கிராம். மதிப்பு 37,500 ரூபாய். பிளாட்டினத்துல 95 சதவீதம், அதாவது சுமார் 6.36 கிராம். மதிப்பு சுமார் 31,800 ரூபாய். கிராம் ரேட் பாதியா இருந்தும், உள்ளே இருக்கிற உலோகத்தோட மதிப்புல வித்தியாசம் 5,700 ரூபாய்தான்.

அடுத்தது செய்கூலி. பிளாட்டினம் உருகுறது 1768 டிகிரி செல்சியஸ்ல. ஒயிட் கோல்ட் அதைவிட நூற்றுக்கணக்கான டிகிரி குறைவுலயே உருகிடும். பிளாட்டினத்துக்குத் தனி அடுப்பு, தனி மூசை, தனி கருவிகள் வேணும். பாலிஷ் போடவும் நேரம் அதிகம். அது தெரிஞ்ச கைவினைஞர்களும் குறைவு. அதனால செய்கூலி ஏறும். நம்ம கணக்குல ஒயிட் கோல்டுக்கு 6,000, பிளாட்டினத்துக்கு 13,000னு வைங்க. ஜி.எஸ்.டி.க்கு முன்னாடி பில் 43,500, 44,800. கிட்டத்தட்ட ஒரே விலை!

ஆனா பில்லுக்குள்ள இருக்கிறது ஒண்ணு இல்ல. ஒயிட் கோல்ட் பில்லுல 100 ரூபாய்க்கு 86 ரூபாய் உலோகம். பிளாட்டினம் பில்லுல 71 ரூபாய்தான் உலோகம். திரும்ப விக்கும்போது செய்கூலியை யாரும் தரப்போறதில்ல.

இந்த இடத்துலதான் ஒரு லிஸ்னர் கேட்ட கேள்வி முக்கியமாகுது. கோயம்புத்தூர்ல இருக்கார். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி பிளெயின் மோதிரம் வாங்கணும். அவர் ஐ.டி. வேலை. அவங்க பிசியோதெரபிஸ்ட், நாள் முழுக்கக் கை கழுவிட்டே இருப்பாங்க. அவங்களுக்கு பிளாட்டினம்தான் ஆசை. ஆனா மாமனார் ஒரே வார்த்தையில முடிச்சிட்டார்: "அவசரத்துக்கு அடகு வைக்க முடியாத நகை எதுக்கு மாப்ள?"

மாமனார் சொல்றதுல நியாயம் இருக்கு. பேங்க்ல நகைக்கடன் தங்கத்தை மையமா வச்சது. பிளாட்டினத்தை எடுத்துட்டுப் போனா பொதுவா வாங்க மாட்டாங்க. அடகுக்கடையிலயும் அதே கதை. விக்கணும்னாலும், வாங்கின கடைதான் முதல் வழி, சில நேரம் ஒரே வழி. அங்கேயும் பில்லும் கூடக் கொடுத்த சான்றிதழ் அட்டையும் கேப்பாங்க. ஒயிட் கோல்டை எங்கே உருக்கினாலும் முக்கால் பங்கு தங்கம் வரும். வெள்ளையா இருக்கேன்னு சில பேர் தயங்குவாங்க. ஆனா உள்பக்கம் ஹால்மார்க்கும் 750ங்கிற எண்ணும் ஆறு இலக்க எச்.யூ.ஐ.டி.யும் இருந்தா பேச்சு சுலபம்.

ஆனா மாமனார் கணக்குல விட்ட ஒண்ணு, பராமரிப்பு. அவங்க தினமும் போட்டுட்டு வேலைக்குப் போவாங்க. ஒன்றரை வருஷத்துக்கு ஒரு தடவை முலாம், தடவைக்கு 1,000 ரூபாய்னு வச்சா பத்து வருஷத்துல ஆறு தடவை, 6,000 ரூபாய். ஒயிட் கோல்ட்ல கூடுதலா இருந்த அந்த 5,700 ரூபாய் அங்கேயே கரைஞ்சிடுது. ஆக, பணத்தை மட்டும் பார்த்தா ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. வித்தியாசம் எங்கேன்னா, ஒண்ணை எந்தத் தெருவுலயும் காசாக்கலாம், இன்னொண்ணை அப்படி முடியாது.

நான் அவருக்குச் சொன்ன பதில் இது. அவசரத் தேவைக்கு வீட்டுல வேற தங்கம் இருந்தா, அவங்களுக்கு பிளாட்டினம் வாங்கலாம். அவங்க வேலைக்கு அது பொருந்தும். முலாம் தேய்ஞ்ச ஒயிட் கோல்ட்ல நிக்கல் இருந்தா அது நேரா தோல்ல படும், சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும். நிக்கல் கலந்த ஒயிட் கோல்டுக்கு குளோரினும் ஆகாது. ப்ளீச்சிங் பவுடர் தண்ணி, நீச்சல்குளம் இதெல்லாம் நாளாவட்டத்துல நுண்ணிய விரிசல் உண்டாக்கலாம். கல் வச்ச மோதிரம்னா கல்லைப் பிடிச்சிருக்கிற சின்னக் கொக்கி உடையிற ஆபத்து அதுல இருக்கு. பிளாட்டினக் கொக்கி பெரும்பாலும் வளையும், சட்டுனு உடையாது.

வீட்டுல வேற சேமிப்பு இல்ல, இந்த மோதிரம்தான் கையில இருக்கிற ஒரே மதிப்புள்ள பொருள்னா, மாமனார் சொல்றதைக் கேளுங்க. ஒயிட் கோல்ட் எடுங்க, ஆனா நிக்கல் இல்லாத பல்லேடியம் கலவையான்னு கேட்டு எடுங்க.

கடைக்குப் போகும்போது மூணு கேள்வி மட்டும் கையில வச்சுக்கோங்க. ஒயிட் கோல்டுன்னா, "கலவை என்ன, திரும்ப முலாம் போட எவ்வளவு?" பிளாட்டினம்னா, "நீங்களே திரும்ப வாங்குவீங்களா, எடைக்கு எத்தனை சதவீதம் கழிப்பீங்க? அதை பில்லுலயே எழுதித் தருவீங்களா?" ரெண்டுக்கும் பொதுவா, "அளவு மாத்தணும்னா இங்கேயே பண்ணுவீங்களா?" கடைசிக் கேள்வி சாதாரணமா தெரியும். ஆனா விரல் பருக்கும், மெலியும். பிளாட்டினத்தைப் பத்தவைக்க எல்லா ஆசாரிகிட்டயும் வசதி கிடையாது. வேற ஊருக்கு அனுப்பி வாரக்கணக்கா காத்திருக்க வேண்டி வரலாம்.

பில் போடும்போது உலோகம் எவ்வளவு, செய்கூலி எவ்வளவுன்னு தனித்தனியா எழுதச் சொல்லுங்க. எழுத யோசிச்சாங்கன்னா அடுத்த கடைக்கு நடங்க.