ஏஎம்சி கட்டலாமா? அம்மா வீட்டு ஆர்ஓ மெஷினின் நாலு வருஷக் கணக்கு

போன மாசம் அம்மா தாம்பரத்துல இருந்து போன் பண்ணாங்க. "டேய், அந்த ஆர்ஓ மெஷின்காரங்க தினமும் கூப்பிடுறாங்கடா. இந்த மாசத்தோட ஏஎம்சி முடியுதாம். 5,500 ரூபா. கட்டிடட்டுமா?"

ஒவ்வொரு வருஷமும் இதே கேள்வி வரும். நானும் யோசிக்காம "கட்டிடும்மா"ன்னு சொல்லிடுவேன். இந்தத் தடவை மட்டும், "ரெண்டு நாள் குடும்மா, கணக்குப் பார்த்துட்டு சொல்றேன்"னு சொன்னேன். அந்தக் கணக்குதான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல, ஏன் ஆர்ஓ மெஷின்? அதோட செலவு திரும்பத் திரும்ப வர்ற செலவு. ஃபில்டர் வருஷா வருஷம் அடைக்கும், மெம்பிரேன் ரெண்டு மூணு வருஷத்துல போகும். அதனால நாலு வருஷ வரலாறு இருந்தா, அஞ்சாவது வருஷத்தைப் பத்தி ஓரளவு சொல்ல முடியும். டிவி அப்படி இல்ல. பேனல் போனா போச்சு, போகலன்னா இல்ல. உங்க வீட்டு டிவி இதுவரைக்கும் ரிப்பேர் ஆகலங்கறதை வெச்சு எக்ஸ்டெண்டட் வாரண்டி வேணுமா வேணாமான்னு முடிவு பண்ண முடியாது.

சரி, கணக்குக்கு வருவோம். எனக்கு வந்த முதல் சிக்கல், வீட்டுல ரிப்பேர் பில்லே இல்ல. ஏஎம்சி இருந்ததால எல்லாம் "ஃப்ரீ". ஆனா ஒவ்வொரு தடவை ஆள் வந்தப்பவும் ஒரு ஜாப் கார்டு எழுதிக் கொடுத்திருக்காங்க. அம்மா அதையெல்லாம் கேஸ் புக்குக்குள்ள சொருகி வெச்சிருந்தாங்க. எந்தத் தேதியில கம்ப்ளெயிண்ட் கொடுத்தோம், எந்தத் தேதியில சரி பண்ணாங்க, எந்த பார்ட் மாத்தினாங்க, எல்லாம் அதுல இருக்கு. பில் இல்லாத வீட்டுல ஜாப் கார்டுதான் வரலாறு.

நாலு வருஷத்துல மாத்தினது இவ்வளவுதான்: ஃபில்டர் செட் நாலு தடவை, மெம்பிரேன் ரெண்டு, பம்ப் ஒண்ணு, கரண்ட் அடாப்டர் ஒண்ணு. இதுக்காக ஆள் வந்தது மொத்தம் ஏழு தடவை. நடுவுல சும்மா துடைச்சுட்டுப் போன விசிட்டை நான் எண்ணல. ஏஎம்சி இல்லன்னா அதுக்கு நாம ஆளே கூப்பிட்டிருக்க மாட்டோம்.

அடுத்து, இதுக்கெல்லாம் காசு கொடுத்திருந்தா எவ்வளவு ஆகியிருக்கும்? அம்மா தெருவுல ஒரு ஆர்ஓ மெக்கானிக் கடை இருக்கு. அங்க போய் ரேட் கேட்டேன். ஃபில்டர் செட் 1,200, மெம்பிரேன் 2,200, பம்ப் 1,800, அடாப்டர் 900, வீட்டுக்கு வர 400. நாலு வருஷத்துக்குக் கூட்டினா 14,700 ரூபா. நாங்க ஏஎம்சிக்குக் கட்டினது 22,000.

அதோட முடியல. அடாப்டர் போனப்ப, "இது வோல்டேஜ் பிரச்சினை, காண்ட்ராக்ட்ல வராது"ன்னு சொல்லி அம்மாகிட்ட 1,400 ரூபா தனியா வாங்கியிருக்காங்க. அட்டையைத் திருப்பிப் பார்த்தா, ஆமா, பின்பக்கம் பொடி எழுத்துல இருக்கு. அப்போ உண்மையில நாங்க செலவு பண்ணது 23,400. அதனால உங்க ரிப்பேர் லிஸ்ட்ல ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் "இது கவர் ஆகுமா?"ன்னு ஒரு காலம் போடுங்க. கவர் ஆகாத ரிப்பேர் செலவை ஏஎம்சி மிச்சப்படுத்தப் போறதில்ல.

இங்கதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஏஎம்சி இல்லாம அதே கம்பெனி ஆளைக் கூப்பிட்டு, அவங்க ரேட்லயே மாத்தியிருந்தா? கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணி ஒவ்வொரு பார்ட்டுக்கும் விலை கேட்டு எழுதினேன். விசிட் சார்ஜோட சேர்த்து 22,200 வந்தது. கிட்டத்தட்ட ஏஎம்சி ரேட்! அப்போ ஏஎம்சி லாபமாங்கற கேள்விக்கு முன்னாடி இன்னொரு கேள்வி இருக்கு: ஏஎம்சி இல்லன்னா நீங்க யாரைக் கூப்பிடுவீங்க? கம்பெனியைத்தான் கூப்பிடுவீங்கன்னா, கட்டினாலும் கட்டாட்டாலும் பெரிய வித்தியாசம் இல்ல. நம்பிக்கையான ஒரு மெக்கானிக் பக்கத்துல இருந்தா, எங்க கணக்குல வருஷத்துக்கு 2,000 ரூபாய்க்கு மேல மிச்சம். சில மாடல்ல கம்பெனி கார்ட்ரிட்ஜ் மட்டும்தான் பொருந்தும். அந்த மாதிரி மெஷின் உங்க வீட்டுல இருந்தா மெக்கானிக் வழி அடைபட்டுடும்.

"மெஷின் பழசாகுதே, இனிமே ரிப்பேர் கூடுமே?" நியாயமான கேள்வி. அதனால மோசமான வருஷத்தையும் போட்டுப் பார்த்தேன். ஃபில்டர், மெம்பிரேன், பம்ப், அடாப்டர் நாலும் ஒரே வருஷத்துல போய், மூணு விசிட்டும் ஆனா, மெக்கானிக் ரேட்ல 7,300. ஏஎம்சியை விட 1,800 அதிகம். அதுலயும் அடாப்டருக்கு எப்படியும் தனியா கட்டணும். தாங்க முடியாத அடி இல்ல இது.

அம்மாகிட்ட இதைச் சொன்னப்ப அவங்க கேட்டது வேற. "காசு சரிடா. நீ ஆபீஸ்ல இருப்ப, நான் தனியா இருக்கேன். மெஷின் நின்னா அவங்கன்னா உடனே வருவாங்க. இவன் வருவானா?"

சரியான கேள்வி. ஜாப் கார்டுலயே பதில் இருந்தது. ஃபில்டர் மாத்த வந்ததை விட்டுட்டா, பழுதுக்குன்னு கூப்பிட்டது மூணு தடவை. ரெண்டு நாள், மூணு நாள், பம்ப் போனப்ப ஆறு நாள் கழிச்சு வந்திருக்காங்க. அந்த ஆறு நாளும் அம்மா கேன் தண்ணி வாங்கியிருக்காங்க. முதல் மாடிக்கு யார் தூக்கிட்டு வந்தாங்கன்னு நான் அப்போ கேட்கவே இல்ல. இப்போ கேட்டேன். பாதிப் பாதியா குடத்துல ஊத்தி அவங்களே ஏத்தியிருக்காங்க.

மெக்கானிக் இதை விடச் சீக்கிரம் வருவாரான்னு எனக்கு கேரண்டி கிடையாது. அதனால ஏஎம்சி முடியறதுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போதே, ஃபில்டர் மாத்த அவரைக் கூப்பிட்டுப் பார்த்தோம். காலையில போன், சாயந்திரம் வந்துட்டார். ஒரு தடவையை வெச்சு எல்லாம் சொல்ல முடியாது, ஆனா கை காலியா இல்ல.

இன்னொரு பயம், மட்டமான பார்ட் போட்டுடுவாங்களோங்கறது. அதுக்கு சில நூறு ரூபாயில டிடிஎஸ் மீட்டர் கிடைக்குது. அம்மா வீட்டு போர் தண்ணி 900 காட்டுது, ஆர்ஓ தண்ணி 80. மெம்பிரேன் மாத்தின அன்னைக்கு வர்ற அளவை மெஷின் மேலயே எழுதி ஒட்டுங்க. சில மெஷின்ல சுவைக்காகக் கொஞ்சம் ஆர்ஓ ஆகாத தண்ணியைக் கலப்பாங்க, அதனால பக்கத்து வீட்டு நம்பரோட ஒப்பிடாதீங்க. உங்க பழைய நம்பரோட ஒப்பிடுங்க. உள்ள வர்ற தண்ணி மாறாம, வெளிய வர்றது 80-ல இருந்து 200-க்கு ஏறினா மெம்பிரேன் போகுதுன்னு அர்த்தம். புதுசு போட்டும் இறங்கலன்னா, போட்ட பார்ட்டைக் கேள்வி கேளுங்க. "மெம்பிரேன் போச்சு மேடம்"னு யாராவது சொன்னாலும் இதே மீட்டரை வெச்சுப் பாருங்க.

கடைசியா அம்மா என்ன முடிவு பண்ணாங்க? "ஏஎம்சி வேணாம். ஆனா அந்த 5,500-ஐ என் கையில கொடுத்துடு"ன்னாங்க. கொடுத்துட்டேன். இப்போ அது சமையல்கட்டுல ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல இருக்கு. ஃபில்டர் மாத்தின 1,600 போக, மீதி 3,900. உள்ள ஒரு சீட்டுல தேதி போட்டு எழுதியும் வெச்சிருக்காங்க. அடுத்த வருஷம் நான் ஜாப் கார்டைத் தேட வேண்டியதில்ல.