ஆஸ்பத்திரி பில்லுக்கு ஒரு பாலிசி, வீட்டுச் செலவுக்கு ஒரு பாலிசி

(நமது அறக்கட்டளை நடத்திய மருத்துவ உதவி விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்ஷூரன்ஸ் கூடுமா என்ற கேள்வியை உங்கள் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். எந்தப் பாலிசி எதற்குப் பணம் தரும் என்பதைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன். பாலிசி வைத்திருப்பவர்களில் பலருக்கே அது தெரிவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெல்டிங் பட்டறையில் ஒரு தம்பி வேலை செய்கிறார். ஒரு நாள் கூலி 900 ரூபாய், வாரத்தில் ஆறு நாள் வேலை. பைக்கிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். ஆறு நாள் தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தார். பில் 1,40,000 ரூபாய். மொத்தம் பத்து வாரம் வேலைக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவரிடம் 3 லட்சம் ரூபாய்க்கு மெடிக்ளைம் இருக்கிறது. இது ஆன செலவை மட்டும் ஈடு செய்யும் பாலிசி. கையுறை, பஞ்சு, கூட இருந்தவரின் சாப்பாடு என்று 12,000 ரூபாயைக் கழித்துவிட்டு 1,28,000 ரூபாய் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 3 லட்சத்துக்கு எடுத்திருந்தாலும் செலவுக்கு மேல் ஒரு ரூபாய் கிடைக்காது. இரண்டு மெடிக்ளைம் இருந்தாலும் ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் வாங்க முடியாது.

பில் தீர்ந்தது. ஆனால் பத்து வாரக் கூலி 54,000 ரூபாய் போனது போனதுதான். வாடகையும் பிள்ளைகளின் ஃபீஸும் காத்திருக்காது. மெடிக்ளைம் இதற்கு எதுவும் தராது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை பெற்றிருந்தாலும் இதே நிலைதான்.

ஹாஸ்பிடல் கேஷ் பாலிசி வேறு மாதிரி. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் பேசிய தொகையைத் தரும். பில் எவ்வளவு என்று பார்க்காது. அரசு ஆஸ்பத்திரியில் பில்லே இல்லாமல் படுத்திருந்தாலும், பாலிசி சொல்லும் ஆஸ்பத்திரி விதிக்குள் அது வந்தால் பணம் உண்டு. நம் தம்பிக்கு நாளுக்கு 1,000 ரூபாய் என்று வைப்போம். பல பாலிசிகளில் முதல் நாளைக் கழித்துவிடுவார்கள். ஆக, ஐந்து நாளுக்கு 5,000 ரூபாய். வீட்டுக்கு வந்து படுத்த ஒன்பது வாரத்துக்கு எதுவும் இல்லை.

அந்த ஓட்டையை அடைப்பது தனிநபர் விபத்துக் காப்பீடு. விபத்தில் இறந்தால் முழுத் தொகையும், கையோ காலோ கண்ணோ நிரந்தரமாகப் போனால் அதற்கென வகுத்த தொகையும் தரும். இதோடு 'தற்காலிக முழு ஊனம்' என்றொரு பிரிவு உண்டு. வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கு வாரப் பணம் தருவது அதுதான். பெரும்பாலும் காப்பீட்டுத் தொகையில் வாரத்துக்கு 1 சதவீதம். 5 லட்சம் ரூபாய்க்கு எடுத்திருந்தால் வாரம் 5,000, பத்து வாரத்துக்கு 50,000 ரூபாய். போன கூலி ஏறக்குறைய திரும்பி வந்துவிடுகிறது.

இந்தப் பிரிவு எல்லாப் பாலிசியிலும் இருக்காது. வங்கியில் வருடத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிறார்களே, பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா, அதில் இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம், ஒரு கண்ணோ ஒரு கையோ ஒரு காலோ போனால் 1 லட்சம். வாரப் பணம் கிடையாது. இருபது ரூபாய்க்கு அவ்வளவு கிடைப்பதே பெரிது, விட்டுவிடாதீர்கள். ஆனால் அது போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

விபத்துப் பாலிசி நோய்க்கு உதவாது. மாரடைப்பு விபத்து ஆகாது. லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டி விழுந்தாலும் பொதுவாகத் தர மாட்டார்கள். தொழிலையும் மறைக்கக் கூடாது. வெல்டிங் வேலைக்குப் பிரீமியம் கூடும் என்று கடை வேலை என்று எழுதிக் கொடுக்கச் சொல்லும் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். க்ளைம் வரும்போது அந்த ஒரு வரியைக் காட்டித்தான் பணத்தைக் குறைப்பார்கள், அல்லது மறுப்பார்கள்.

என் கருத்து இது. முதலில் மெடிக்ளைம். அன்றாடம் உழைத்துக் கொண்டுவருபவருக்கு அதோடு வாரப் பணம் உள்ள விபத்துப் பாலிசி. நோயில் படுத்தாலும் கூலி போகுமே என்பவர்களுக்குத்தான் ஹாஸ்பிடல் கேஷ். வீட்டில் இருக்கும் உம்மாவுக்கு அதை எடுத்து அதிகப் பயனில்லை. பெரும்பாலான பாலிசிகளில் 24 மணி நேரம் படுத்திருக்க வேண்டும். காலையில் கண்புரை ஆபரேஷன் செய்து மாலையில் வீட்டுக்கு வந்தால் நாள் கணக்கே வராது. அந்தப் பணத்தில் உம்மாவின் மெடிக்ளைம் தொகையைக் கூட்டுங்கள்.

இரண்டும் வைத்திருப்பவர்கள் இரண்டிலும் கேட்கலாம். ஒன்று கொடுத்ததற்காக மற்றது குறையாது. அசல் பில்கள் மெடிக்ளைம் கம்பெனிக்குப் போய்விடும். அதனால் கொடுப்பதற்கு முன்பே டிஸ்சார்ஜ் சம்மரி, பில், எக்ஸ்ரே ரிப்போர்ட் எல்லாவற்றையும் நகல் எடுத்து, ஆஸ்பத்திரி முத்திரை வாங்கி வையுங்கள். வாரப் பணத்துக்கு இன்னும் இரண்டு தாள் வேண்டும்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வேலை செய்யக் கூடாது என்று தேதி போட்ட டாக்டர் சான்று, பட்டறை முதலாளி எழுதிக் கொடுக்கும் கூலிச் சான்று. டாக்டர் வெறுமனே "ஓய்வு தேவை" என்று எழுதினால், தேதி போட்டுத் தரும்படி அங்கேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.