'என்கிறார்' நிற்கும் இடம்



தமிழில் மேற்கோள் முடிந்த பின்னரே 'என்கிறார்' வரும். தொல்காப்பிய உரையாசிரியர்களும் சான்றினைக் காட்டிய பின்னரே 'என வரும்' என முடித்தனர். சிறு மேற்கோளுக்கு இம்முறை இனிது பொருந்தும்; நெடிய மேற்கோளுக்குப் பொருந்தாது.

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலை ஒரு மாணவர் ஆராய்கிறார் எனக் கொள்வோம். 'ஆசிரியர்' எனத் தொடங்கி, அறுபது சொற்கொண்ட பத்தியை இட்டு, அதன்கீழ் 'என்கிறார்' என முடித்தால், எழுவாய் ஒரு கரையிலும் பயனிலை மறு கரையிலும் நிற்கும். ஆதலின் பயனிலையை முன்னே கொணர்க: 'தொழிலாளர் பட்ட துயரை ஆசிரியர் பின்வருமாறு விவரிக்கிறார்:' பேசுபவர் கதைமாந்தராயின் அவரையே சுட்டுக, இல்லையேல் பாத்திரத்தின் கூற்று ஆசிரியரின் கருத்தாகிவிடும்.

ஏபிஏ நெறிப்படி 40 சொல்லும் அதற்கு மேலும் உள்ள மேற்கோள் புதுவரியில் தொடங்கும். முழுவதும் இடப்புறம் அரை அங்குலம் உள்தள்ளி அமையும். அவ்விடைவெளியே பிறர் கூற்றென உணர்த்துதலின் மேற்கோள்குறி வேண்டா. பக்க எண் இறுதி முற்றுப்புள்ளிக்குப் பின் அடைப்புக்குறிக்குள் வரும்.

எழுதியபின், மேற்கோளை விரலால் மறைத்து முன்வரியை மட்டும் படியுங்கள். யார், எதனை, எவ்வாறு கூறுகிறார் என்பது விளங்கினால் அறிமுகம் செவ்விது. விளங்காவிடின் திருத்துக.