தேனீக் குடும்பமும் பரங்கிக் கொடியும்

தேனீப் பெட்டியில் முட்டையிடும் இராணி ஒன்றே; ஆண் ஈக்கள் சில நூறு; மற்றவை ஆயிரக்கணக்கான வேலைக்கார ஈக்கள். இவை ஏறத்தாழ மூன்று வாரம் கூட்டினுள் புழுக்களுக்கு உணவூட்டியும் அடை கட்டியும் இருந்த பின்னரே வயலுக்குப் பறக்கின்றன.

பரங்கியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மகரந்தம் பிசுபிசுப்பானதாதலால் காற்று அதனைக் கொண்டு செல்லாது. விடியலில் விரியும் பூ நண்பகலுக்குள் வாடிவிடும். அதற்குள் ஈ வந்து மகரந்தம் சேர்க்காவிடில் பிஞ்சு மஞ்சளித்து உதிரும். குறைவாகச் சேர்ந்தால் காய் கோணலாகும். நாமோ இதனை உரக்குறைவு என்று கருதிவிடுகின்றோம்.

காலையில் பூச்சிமருந்து தெளித்தால் பூவிலுள்ள ஈக்கள் மடியும். அவற்றின் இடத்தை நிரப்ப இளம் ஈக்கள் பருவத்திற்கு முன்னரே வெளியேறும்; கூட்டிலுள்ள புழுக்கள் பேணுவாரின்றி வாடும். ஆகவே, தெளிக்க வேண்டியிருப்பின், பூ மூடியபின் மாலையிலேயே தெளிப்போமாக.