குறட்டையைக் கேட்டது யார்?

சனிக்கிழமை மாலை மொட்டை மாடியில் நான் பேசியதை எழுதித் தரச் சொல்லிச் செயலாளர் கேட்டார். அன்று வர முடியாத உங்களுக்காக இது.

ஸ்ரீரங்கத்தில் பெருமாள் படுத்திருக்கிறாரே, அதை வெறும் தூக்கம் என்று யாரும் சொல்வதில்லை. அறிதுயில் என்பார்கள். அறிந்தபடியே துயில்வது. வடமொழியில் யோக நித்திரை.

இன்று வகுப்புகளில் சொல்லித் தரும் முறை பெரும்பாலும் முங்கேர் பீகார் யோகப் பள்ளியின் சுவாமி சத்யானந்தர் வகுத்தது. அவர் 1943-ல் ரிஷிகேஷுக்குப் போய், நம் பத்தமடைக்காரரான சுவாமி சிவானந்தரிடம் சேர்ந்தவர். அங்கே ஒரு வேதபாடசாலைக்கு இரவுக் காவல் இருந்தபோது, விடியற்காலையில் அசந்து தூங்கிவிடுவாராம். அந்த நேரத்தில் பையன்கள் மந்திரம் ஓதுவார்கள். பின்னாளில் ஒரு விழாவில் அவற்றைக் கேட்டபோது, படிக்காத மந்திரங்கள் பழகியவைபோல இருந்தன. தூங்கும்போது கேட்டது யார் என்ற கேள்வியில்தான் இந்த முறை பிறந்தது.

1950-களில் அமெரிக்காவில் மூளை அலைகளை அளந்தபடி, தூங்குகிறவர்களுக்குப் பாடம் ஒலிபரப்பிப் பார்த்தார்கள். நன்றாகத் தூங்கியபோது கேட்டது எதுவும் நினைவில் நிற்கவில்லை. ஆகவே சுவாமிகளும் தூக்கத்தின் வாசற்படியில்தான் இருந்திருப்பார் என்பது என் கணிப்பு. பயிற்சியும் அந்த வாசற்படியில் நிற்கத்தான்.

மல்லாந்து படுத்து, கால்களைச் சற்று அகட்டி, உள்ளங்கைகளை மேல்நோக்கி வையுங்கள். மனதுக்குள் ஒரே வாக்கியத்தில் ஒரு சங்கல்பம். பிறகு ஒலிப்பதிவுக் குரல் சொல்லச் சொல்ல, கவனம் மட்டும் உடலில் நகர வேண்டும். வலது கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்று ஐந்து விரலும் முடித்து, உள்ளங்கை, மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று போகும். எதையும் அசைக்கக் கூடாது. ஒரு இடத்தில் ஓரிரு நொடிக்கு மேல் தங்கவும் கூடாது. தங்கினால் யோசனை புகுந்துவிடும். அப்புறம் இடப்பக்கம், முதுகு, மூச்சை எண்ணுவது. மொத்தம் அரை மணி நேரம்.

தூங்கிவிட்டோமா என்று தெரிந்துகொள்வது எளிது. வலது முழங்கை காதில் விழுந்தது, அடுத்து விழுந்தது 'கண்ணைத் திறங்கள்' என்றால், நடுவில் இருந்தது சாதாரணத் தூக்கம். எனக்குப் பத்து நாள் அப்படித்தான். முப்பது வருஷம் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி விடாமல் டிக் அடித்தவனுக்கு இடது கை என்ற வரியே வரவில்லை! சாப்பிட்டதும் படுத்ததுதான் தப்பு. காலையில், வயிறு காலியாக இருக்கும்போது மாற்றிக்கொண்டேன்.

ஒரு மருந்து எச்சரிக்கை. தூக்க மாத்திரையை இதை நம்பி நிறுத்தாதீர்கள். படுத்தால் பழைய பயம் பொங்கி வருகிறதென்றால், எழுந்து உட்கார்ந்து அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

பதினோராம் நாள் இடது தோள் வரை வந்தபோது ஒரு சத்தம் கேட்டது. என் குறட்டை. உடம்பு தூங்குகிறது, குரலும் கேட்கிறது, குறட்டையும் கேட்கிறது. விழிப்பு, கனவு, ஆழ்ந்த உறக்கம் மூன்றுக்கும் சாட்சியாக நாலாவது ஒன்று உண்டு என்கிறது மாண்டூக்ய உபநிடதம். அதைக் கண்டுவிட்டேன் என்று சொல்லவில்லை. வாசற்படியில் யாரோ விழித்திருந்தது மட்டும் நிஜம்.

வீட்டம்மாவிடம் பரபரப்பாகச் சொன்னேன். "நாப்பது வருஷமா நான் கேட்டுட்டிருக்கறனுங்க, உங்களுக்கு இன்னைக்குத்தான் கேட்டுச்சாக்கும்?" என்றார்.